நாலு சேலையும் ஓர் இடை முகவரியும்



பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தம்பிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் திருமணமாம். அக்கா தங்கை நால்வரும் ஒரே நிறத்தில், ஒரே கரையில் சேலை கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கிள்ளானில் தேடிப் பார்த்தார்கள். ஒன்று கிடைத்தால் மற்ற மூன்று கிடைப்பதில்லை. கைப்பேசியில் தேடியபோது தமிழ்நாட்டில் ஒரு சேலைக்கடை கண்ணில் பட்டது. விரும்பிய சேலை நான்கும் அங்கே இருக்கின்றன. ஆனால் கடைக்காரர், "இந்தியாவுக்குள் மட்டுமே அனுப்புவோம்" என்று எழுதி வைத்திருக்கிறார். "யாரோ ஒரு கம்பெனி இந்தியாவில் நமக்கென்று ஒரு முகவரி கொடுக்குமாமே, அதை நம்பிப் பணம் போடலாமா? கூடவே ஓர் இட்லிக் கொப்பரையும் வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. வேறு பல வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த முகவரி என்ன என்று பார்ப்போம். நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 'சிதம்பரம்' கப்பல் ஓடிய நாளில், ஊரிலிருந்து ஒரு பொருள் வேண்டுமென்றால் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் உறவினருக்குக் கடிதம் போடுவார்கள். அவர் கடையில் வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்து, கப்பலேறும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். 1985-இல் தீ விபத்துக்குப் பிறகு அந்தக் கப்பல் நின்றுபோனது. கொடுத்தனுப்பும் வழக்கமும் குறைந்தது. இன்று அந்த உறவினர் செய்த வேலையைக் கூலிக்குச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுடைய கிடங்கின் விலாசத்தை நமக்குத் தருவார்கள். கடைக்காரர் அந்த விலாசத்துக்கு உள்நாட்டுப் பார்சலாக அனுப்புவார். கம்பெனி அதை வாங்கி நிறுத்து, நம்மிடம் கூலி பெற்றுக்கொண்டு விமானத்தில் ஏற்றிவிடும். இதைத்தான் நான் இடை முகவரி என்று சொல்கிறேன்.

இந்தியாவில் மட்டுமல்ல, உலகின் பல நாடுகளில் இந்தத் தொழில் நடக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது. அங்கே வாங்கி அனுப்பினால் அந்த வரி மிச்சம் என்பதால், இத்தகைய கிடங்குகள் பல அங்கே அமைந்தன. வழிமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி நம் சகோதரி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

கம்பெனியில் பெயரைப் பதிந்துகொண்டதும் ஒரு விலாசமும், அவருக்கே உரிய ஓர் எண்ணும் கொடுப்பார்கள். அந்த எண்தான் உயிர்நாடி. கிடங்குக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான பார்சல்கள் வந்து குவியும். எல்லாவற்றிலும் ஒரே தெரு, ஒரே ஊர்தான் எழுதியிருக்கும். உங்கள் எண் இல்லாவிட்டால் அது யாருடையது என்று கிடங்குக்காரருக்குத் தெரியாது. ஒரு மூலையில் கிடக்கும். சில கடைகளின் படிவம் விலாசத்தின் இரண்டாம் வரியைச் சீட்டில் அச்சிடாமல் விட்டுவிடும். ஆகவே எண்ணைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். கம்பெனி கடப்பிதழ் அல்லது வேறு அடையாள ஆவணத்தின் நகலைக் கேட்கலாம். சுங்கத்துக்குக் காட்ட அது தேவைப்படும். ஆனால் வங்கியின் ரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

அடுத்தது, கடைக்குப் பணம் கட்டுவது. இங்கேதான் பலர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். நம் வங்கி அட்டைகள் சிலவற்றில் வெளிநாட்டு வாணிபம் அடைக்கப்பட்டிருக்கும். வங்கியிடம் சொல்லித் திறக்க வேண்டும். அப்படித் திறந்தாலும், இந்தியாவின் சிறு கடைகள் பல உள்நாட்டு அட்டையை மட்டுமே ஏற்கும். குறியீட்டையும் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பும். அப்போது கம்பெனியையே நம் சார்பில் வாங்கித் தரச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறை மட்டும் இங்கே கூடாது. கிடங்கு வாசலில் உங்களுக்காகப் பணத்தை நீட்ட ஆள் இல்லை. பார்சல் கடைக்கே திரும்பிவிடும்.

பொருள் கிடங்குக்கு வந்ததும் உங்களுக்குச் செய்தி வரும். அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கு சேலையும் ஒரே நிறமா, கரை ஒன்றுதானா என்று பாருங்கள். கடைக்காரர் திருப்பி வாங்க ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தால், அந்த ஒரு வாரம் பொருள் கிடங்கை அடைந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அது உங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேரும்போது தவணை முடிந்திருக்கும். இங்கிருந்து திருப்பி அனுப்பும் கூலி சேலையின் விலையைக் கடித்துவிடும். ஆகவே குறை இருந்தால், கிடங்கில் இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். சகோதரியின் கேள்விக்குச் சரியான பதில் இதில்தான் இருக்கிறது.

விமானத்தில் எடைக்கு மட்டும் கூலி இல்லை; இடத்துக்கும் கூலி உண்டு. பஞ்சு மூட்டை எடை குறைவு, ஆனால் விமானத்தில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வருவதை 5,000-ஆல் வகுப்பார்கள். அதைக் கன எடை என்பார்கள். உண்மையான எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. சில கம்பெனிகள் வேறு எண்ணால் வகுப்பதும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அரைக் கிலோ கணக்கில் மேலே கூட்டிவிடுவார்கள்.

சகோதரியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்றும், கிலோவுக்கு 30 வெள்ளி கூலி என்றும், கிடங்கின் கைச்செலவு 10 வெள்ளி என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் நாளில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்திச் சேலை ஒன்று 1,500 ரூபாய். நான்குக்கு 6,000 ரூபாய், அதாவது 300 வெள்ளி. மடித்துக் கட்டினால் 35 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 10 உயரமுள்ள பெட்டியில் அடங்கும். பெருக்கினால் 9,800, 5,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 கிலோ. தராசில் வைத்தால் 2.4 கிலோ. அதிகமானது தராசு எடை. அதை 2.5 கிலோ என்று எடுத்துக்கொள்வார்கள். கூலி 75 வெள்ளி. கைச்செலவு 10 வெள்ளி. ஆக மொத்தம் 385 வெள்ளி. ஒரு சேலை ஏறக்குறைய 96 வெள்ளிக்கு வந்து சேருகிறது. இங்கே கிடைக்காத, நான்கும் ஒன்றான சேலைக்கு இது கொடுக்கக் கூடிய விலைதான்.

இனி கொப்பரை. விலை 2,400 ரூபாய், 120 வெள்ளி. மலிவாகத்தான் தெரிகிறது. தராசில் 3 கிலோ. ஆனால் அதன் பெட்டி 40 நீளம், 40 அகலம், 30 உயரம். பெருக்கினால் 48,000, வகுத்தால் 9.6 கிலோ. அதை 10 கிலோ ஆக்குவார்கள். கூலி 300 வெள்ளி! கொப்பரைக்குள் இருக்கும் வெறுங்காற்றுக்கு நாம் கொடுக்கும் கூலி அது.

"அப்படியானால் அந்தக் காற்று இருக்கும் இடத்தில் சேலைகளை வைத்தால் என்ன?" என்று கெட்டிக்காரப் பெண் யாராவது கேட்பார். உண்மைதான். சேலைகளைக் கொப்பரைக்குள் வைத்துக் கட்டினால் தராசு எடை 5.4 கிலோ ஆகும். பெட்டியின் அளவு மாறாது. கூலி அதே 300 வெள்ளி. சேலைகள் இலவசமாகப் பயணம் செய்கின்றன. ஆனால் முழுக்கணக்கைக் கூட்டுங்கள்: பொருள் 420, கூலி 300, கைச்செலவு 10, மொத்தம் 730 வெள்ளி. சேலையை மட்டும் வரவழைத்திருந்தால் 385 வெள்ளி. மீதி 345 வெள்ளிக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கொப்பரையைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். பேருந்துக் கட்டணம் போக மீதியும் இருக்கும்.

இதில் இன்னொரு கோடும் இருக்கிறது. அது சுங்கத்துறையின் கோடு. விமானம் வழியாக வரும் பார்சலின் மதிப்பு 500 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் இறக்குமதித் தீர்வை விலக்கு உண்டு. அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும் வரி கணக்கிடப்படும். சுங்கத்துறை மதிப்பிடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்க்கும். ஆகவே விலை, கூலி எல்லாம் கூட்டி 500-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே பத்திரமான வழி. சேலை மட்டும் வந்தால் 385, கோட்டுக்கு உள்ளே. கொப்பரையும் சேர்ந்தால் 730, கோட்டுக்கு வெளியே.

வேறொரு வரியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத வெளிநாட்டுப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்திருக்கிறது. இது இந்நாட்டுச் சுங்கத்துறையில் பதிந்துகொண்ட விற்பனையாளர்கள் விலையோடு சேர்த்து வசூலிப்பது. ஆண்டுக்கு 500,000 வெள்ளிக்கு மேல் இத்தகைய பொருள்களை இங்கே விற்பவர்கள்தாம் பதிய வேண்டும். கைப்பேசியில் பெரிய சந்தைகளில் வாங்கும்போது பில்லில் இதைப் பார்த்திருப்பீர்கள். இடை முகவரிக் கம்பெனியின் பில்லில் இந்த வரி இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள்; இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டால் போகிறது" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. கம்பெனியின் படிவத்தில் பொருளின் பெயரையும் விலையையும் நிரப்புவது நாம்தான். அதனால் ஆசை வரும். புக்கிட் ரோத்தான் பக்கத்து அன்பர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். அவர் 600 வெள்ளிப் பட்டுச் சேலையை "அன்பளிப்பு, 50 வெள்ளி" என்று எழுதினார். வழியில் பார்சல் காணாமற் போனது. ஈடு கேட்டபோது, "நீங்கள் எழுதிய மதிப்பு 50 வெள்ளி, அதைத்தான் தர முடியும்" என்று பதில் வந்தது. அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. வரிக்குப் பயந்து எழுதிய பொய் 550 வெள்ளியைத் தின்றுவிட்டது. பார்சல் தொலையாமல் வந்திருந்தாலும், சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பில்லைக் கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். அபராதம் வரும், பொருள் முடங்கும். கடைக்காரரின் பில் நகலைப் பெட்டியோடு வைக்கச் சொல்லி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சில பொருள்களை இந்த வழியில் வரவழைக்கவே முயல வேண்டாம். கோயிலுக்கென்று சூடம் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: சூடம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானச் சரக்கில் ஆபத்தான பொருளாகக் கருதப்படுகிறது. தீப்பெட்டி, அத்தர், நகப்பூச்சு, தெளிக்கும் வாசனைப் புட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே தடைதான். கைப்பேசிக்கு மின்னேற்றும் தனி மின்கலமும் கூடாது. விதை, செடி, மண் ஆகியவை பயிர்நோயைக் கொண்டுவரலாம் என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன் என்று ஆசைப்பட்டால் அது விமான நிலையத்தோடு முடிந்துபோகும். லேகியம், மாத்திரை போன்ற மருந்துகள் இந்நாட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தங்க நகையைப் பெரும்பாலான கம்பெனிகள் தொடவே மாட்டா. இவற்றில் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் அது மட்டும் நிற்பதில்லை. கூட இருக்கும் திருமணச் சேலையும் சேர்ந்து நிற்கும்.

கடைசியாக, நம் வீட்டு வாசல். தோட்டப்புறத்தில் இதுதான் பெரிய சங்கடம். சென்னையிலிருந்து விமான நிலையம் வரை ஒழுங்காக வந்த பார்சல், தோட்டத்து மண்சாலை முனையில் வழி தெரியாமல் திரும்பிவிடும். வீட்டு எண், லயம், டிவிஷன், தோட்டத்தின் பெயர், அஞ்சல் குறியீடு, ஊர் என்று முழுமையாக எழுதுங்கள். பெஸ்தாரி ஜெயா 45600, கோல சிலாங்கூர் 45000. பழைய பழக்கத்தில் "பத்தாங் பெர்ஜுந்தை" என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2007-இல் பெயர் மாறிவிட்டது, புதிய பெயரையே எழுதுங்கள். பகலில் வேலைக்காட்டில் இருப்பவர்கள், வீட்டில் இருக்கும் ஒருவருடைய கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். தோட்ட அலுவலகத்து விலாசத்தைக் கொடுப்பதானால், கிராணியாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பட்டணத்தில் உறவினர் வீடு இருந்தால் அதுவும் நல்லதே.

பார்சல் வழியில் இருக்கும் நாள்களில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரலாம்: "உங்கள் பொருள் சுங்கத்தில் நிற்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று. பொருளுக்காகக் காத்திருப்பவர் எளிதில் நம்பிவிடுவார். ஏமாற்றுக்காரர்களுக்கு அது தெரியும். அந்தச் செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பார்சல் எண்ணை எடுத்து, அவர்களுடைய பக்கத்தில் நீங்களாகவே போய்ப் பாருங்கள். சுங்க வரி உண்மையாக இருந்தால் அங்கே தெரியும்; ரசீதும் கிடைக்கும். தனிமனிதர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அது மோசடி. தவறிப்போய்ப் பணம் போட்டுவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஆகவே, சகோதரி, உங்களுக்கு என் பதில் இதுதான்: சேலைகளை வரவழையுங்கள்; கொப்பரையைக் கிள்ளானில் வாங்குங்கள். இரண்டு மாதம் இருக்கிறது என்று சும்மா இருக்க வேண்டாம். கடையிலிருந்து கிடங்குக்கு ஒரு வாரம், படம் பார்த்துப் பெட்டி கட்டச் சில நாள், விமானமும் சுங்கமும் சேர்ந்து இரண்டு வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் தவறி வந்து மாற்ற நேர்ந்தால் இன்னும் இரண்டு வாரம் போகும். அதற்குப் பிறகு ரவிக்கை தைக்கத் தையற்காரருக்கும் நாள் வேண்டுமே! இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். கிடங்கில் எத்தனை நாள் வாடகையில்லாமல் வைத்திருப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்தால் நாள் வாடகை ஏறும்.

பெட்டி வந்ததும், அதைப் பிரிக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பிரிக்கும்போதும் எடுங்கள். கிழிசலோ நனைசலோ இருந்தால் அந்தப் படம்தான் உங்களுக்குச் சாட்சி. ஒன்றும் இல்லாவிட்டால், நால்வரும் சேலை கட்டிய படத்தை நமக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.